டெப்த் மேப் வைத்துப் பின்னணியைப் படிப்படியாக மங்கலாக்குவது

கேள்வி: ஃபோன்ல எடுத்த முழு உருவப் படம். தரை, பின்னாடி இருக்கிற மரம், காம்பவுண்ட் சுவர் எல்லாமே ஷார்ப்பா இருக்கு. ஆளை செலக்ட் பண்ணி மீதியை ப்ளர் பண்ணினா, அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி தெரியுது. கிரேடியன்ட் மாஸ்க் போட்டும் பார்த்தேன், பனி படர்ந்த மாதிரி ஆயிடுது, ஆளைச் சுத்தி ஒளிவட்டமும் வருது. டெப்த் மேப் போட்டு போட்டோஷாப்ல சரியா பண்றது எப்படி?

பதில்:

பனி மாதிரி தெரிவதற்குக் காரணம் மாஸ்க். மங்கலான லேயர் ஒன்றை வைத்து அதற்குக் கிரேடியன்ட் மாஸ்க் போட்டால், நடுவில் இருக்கும் இடங்களில் ப்ளர் குறைவதில்லை. ஷார்ப்பான படமும் முழுதாக மங்கிய படமும் பாதிக்குப் பாதி கலக்கின்றன. பின்னணியில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்து இன்னும் வாசிக்க முடிகிற மாதிரி கூர்மையாகவே இருக்கும், அதைச் சுற்றி ஒரு புகை மட்டும் சூழ்ந்திருக்கும். சாதாரண லென்ஸ் எதுவும் இப்படிப் படம் எடுக்காது. லென்ஸில் அந்த எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டாக விரியும். தூரம் கூடக்கூட அந்த வட்டு பெரிதாகும். ஆகவே இடத்துக்கு இடம் மாற வேண்டியது ப்ளரின் ஆரம்தான், கலவையின் விகிதம் இல்லை. டெப்த் மேப் என்பது ஒவ்வொரு இடத்தின் தூரத்தையும் சாம்பலின் அளவாகக் காட்டும் படம். அதைப் படித்து ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி ஆரம் கொடுக்கிற ஃபில்டர் போட்டோஷாப்பில் `Filter > Blur > Lens Blur`. `Gaussian Blur`-ஐ இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள்.

அந்த ஃபில்டருக்குக் கொடுக்கும் மேப்பில் எந்த இடத்துக்கு எந்தச் சாம்பல் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

தூரத்துக்கும் ப்ளருக்கும் உள்ள கணக்கு

ஃபோகஸ் ஆன தூரத்தை s என்றும், வேறொரு பொருளின் தூரத்தை d என்றும் வைத்துக்கொள்வோம். கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருப்பது எவ்வளவு மங்குகிறதோ அதை 1 என்று கொண்டால், d தூரத்தில் இருக்கும் பொருளின் மங்கல்:

```
|1 − s/d|
```

ஆள் 3 மீட்டரில் நிற்கிறார் என்றால், 6 மீட்டரில் இருக்கும் மரம் பாதி மங்கும். 9 மீட்டரில் இருப்பது மூன்றில் இரண்டு பங்கு, 15 மீட்டரில் இருப்பது ஐந்தில் நான்கு பங்கு. அதற்கு மேல் எவ்வளவு தள்ளிப் போனாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆளுக்குப் பின்னால் முதல் சில மீட்டரிலேயே மங்கல் வேகமாக ஏறி, பிறகு மெல்லப் படிந்துவிடுகிறது.

பலர் மேப் வரையும்போது மீட்டரை நேரடியாகச் சாம்பலாக மாற்றிவிடுகிறார்கள்: 3 மீட்டர் ஒரு முனை, 45 மீட்டர் மறு முனை, நடுவில் சம அளவில் பிரிப்பது. அந்தக் கணக்கில் 6 மீட்டர் மரத்துக்குக் கிடைப்பது வெறும் 7 சதவீத ப்ளர். உண்மையில் அதற்கு 50 வர வேண்டும். விளைவு, ஆளுக்குப் பின்னால் உள்ள மரங்கள் அவரோடு ஒட்டிக்கொண்டு ஷார்ப்பாக நிற்கும், கடைசியில் இருக்கும் கட்டடம் மட்டும் திடீரென்று கரையும்.

ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதே இல்லை, ஏனென்றால் படமே அதைப் போட்டுவைத்திருக்கிறது. சமதளத் தரையில் ஒரு புள்ளி படத்தில் அடிவானக் கோட்டுக்கு எத்தனை பிக்சல் கீழே விழுகிறது என்பது அதன் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அடிவானத்திலிருந்து உள்ள இடைவெளி பாதியாகும். ப்ளரும் அதே 1/d-யைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே தரைக்கு அடிவானத்திலிருந்து படத்தின் அடி வரை ஒரு நேரான, வளைவில்லாத கிரேடியன்ட் இழுத்தாலே போதும். இது தோராயம் இல்லை, துல்லியமே. கேமரா மேலும் கீழும் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இது மாறாது. சுவர், கூரை, சாய்வான பாதை என்று எந்தத் தட்டையான பரப்புக்கும் இதே விதி பொருந்தும்.

நேராக நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு வேறு விதி: அதன் அடி தரையைத் தொடும் இடத்தில் என்ன சாம்பல் இருக்கிறதோ, உச்சி வரைக்கும் அதே சாம்பல். மரத்தின் மேல் கிரேடியன்ட்டை ஓடவிட்டால் அடிமரம் ஷார்ப்பாகவும் மேல்பகுதி மங்கலாகவும் வரும். 'மினியேச்சர்' பொம்மை ஊர் மாதிரித் தெரியும் படங்களில் நடப்பது இதுதான்.

ஒரு படத்தில் வைத்துப் பார்ப்போம்

3000 × 4000 பிக்சல் அளவில் செங்குத்தாக எடுத்த படம், ஃபோனின் மெயின் கேமரா, அதாவது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 26 மி.மீ. கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் நேராகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அடிவானம் மேலிருந்து 2000-வது வரிசை. ஆளின் பாதம் 3500-வது வரிசை. இந்த அளவுகளுக்கு ஆள் நிற்கும் தூரம் 3 மீட்டர். படத்தின் கீழ் விளிம்பில் தெரியும் தரை 2.25 மீட்டரில் இருக்கிறது. மீட்டர் கணக்கு உங்களுக்கு விளங்குவதற்காகத்தான் சொல்கிறேன். மேப் வரைய அந்த வரிசை எண்கள் மட்டும் போதும்.

முதலில் அடிவானத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதையின் இரண்டு ஓரங்களையும் கோடாக நீட்டினால் சந்திக்கும் இடம் அடிவானத்தில் விழும். இன்னொரு குறி: சமதளத்தில் கேமராவின் உயரத்துக்கு இருப்பதெல்லாம் அடிவானக் கோட்டின் மேலேயே வரும். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்திருந்தால், 1.65 மீட்டர் உயரமுள்ளவரின் முகவாய்க்கு அருகே அந்தக் கோடு ஓடும். பாதை மேட்டை நோக்கி ஏறினால் அதன் ஓரங்கள் உண்மையான அடிவானத்துக்கு மேலே சந்திக்கும். அப்போது அந்தப் பாதைக்கு அந்த மேல் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் பக்கவாட்டில் சரிந்திருந்தால் முதலில் நேராக்கிவிடுவது எளிது.

அடுத்து சாம்பல் எண்கள். `Lens Blur` இயல்பாகக் கறுப்பை அருகாகவும் வெள்ளையைத் தொலைவாகவும் எடுத்துக்கொள்ளும். ஃபோகஸ் எந்தச் சாம்பலில் என்பதை `Blur Focal Distance` என்ற 0 முதல் 255 வரையான எண் தீர்மானிக்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அந்த எண்ணிலிருந்து இரண்டு பக்கமும் கடைசிக்குப் போனால், இரண்டு பக்கமும் முழு ப்ளர் வந்துவிடும். ஃபோகஸை 30-இல் வைத்தால், அங்கிருந்து 0-வுக்கு இருக்கும் சிறு இடைவெளியிலேயே முன்பக்கத் தரை முழுதாக மங்கிவிடும். நம் கணக்குப்படி 2.25 மீட்டரில் உள்ள தரை மூன்றில் ஒரு பங்குதான் மங்க வேண்டும். ஆகவே ஃபோகஸைச் சரியாக நடுவில், 128-இல் வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் கிடைக்கும்.

அப்படியானால் அடிவானம் 255, பாதம் 128. 1500 பிக்சலுக்கு 127 படிகள். அதே சரிவில் தொடர்ந்து போனால் படத்தின் கீழ் விளிம்பு 86-க்கு வரும்:

```
சாம்பல் = 255 − 127 × (வரிசை − 2000) / 1500
```

இதை ஆல்ஃபா சேனலில் நேரடியாக வரையாதீர்கள். பிறகு திருத்துவது கடினம், சாம்பலின் எண்ணும் நிற மாற்றத்தில் தப்பிப்போகலாம். சாதாரண லேயர்களாக ஒரு குரூப்பில் வரையுங்கள். முடிந்ததும் அந்த குரூப்பை மட்டும் கண்ணில் தெரியவைத்து, Channels பேனலில் `Red` சேனலை டூப்ளிகேட் செய்து `depth` என்று பெயர் வையுங்கள். எண்கள் அப்படியே வந்துவிடும்.

தரை லேயர்: கிரேடியன்ட் டூலில் `#FFFFFF` முதல் `#565656` வரை (86-இன் ஹெக்ஸ் வடிவம் அதுதான்), வகை Linear, Method என்ற தேர்வு இருந்தால் `Classic`. 2000-வது வரிசையிலிருந்து 4000-வது வரிசை வரை Shift அழுத்தியபடி நேர்செங்குத்தாக இழுங்கள். 2000-க்கு மேலே உள்ளது தானாகவே முழு வெள்ளையாகிவிடும். வானத்துக்கும் தொலைவில் உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே சரி. கிரேடியன்ட் எடிட்டரில் Smoothness என்ற அளவு இருந்தால் 0 ஆக்குங்கள். 100-இல் விட்டால் கோடு நேராக இருக்காது, முனைகளில் வளையும். சரிபார்க்க, 2750-வது வரிசையில் ஐட்ராப்பர் வைத்தால் 191 அல்லது 192 வர வேண்டும். 180-ஓ 205-ஓ வந்தால் கிரேடியன்ட் வளைந்திருக்கிறது.

மரம்: அடி 2750-வது வரிசையில் தரையைத் தொடுகிறது. அங்கே 191. மரம் முழுவதையும் செலக்ட் செய்து `#BFBFBF` நிரப்புங்கள். அதற்குப் பின்னால் இன்னொரு மரத்தின் அடி 2500-வது வரிசையில் இருந்தால் 213, அதாவது `#D5D5D5`. அடி மறைந்திருந்தால், அதே தூரத்தில் இருப்பதாகத் தோன்றும், அடி தெரிகிற வேறொரு பொருளின் சாம்பலைக் கடன் வாங்குங்கள். பின்னால் போகப்போக இதில் கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. 9 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. ஆளுக்கு அருகில் உள்ளவற்றில் மட்டும் கறாராக இருங்கள்.

காம்பவுண்ட் சுவர்: இது நிமிர்ந்து நின்றாலும் நம்மை நோக்கி நேராக நிற்கவில்லை, உள்நோக்கி ஓடுகிறது. ஆகவே ஒரே சாம்பல் போடக்கூடாது. சுவரின் அடி இடது விளிம்பை 3000-வது வரிசையில் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே தரையின் சாம்பல் 170. சுவரின் மேல்கோடும் அடிக்கோடும் நீட்டிச் சந்திக்கும் மறையும் புள்ளி, படத்தின் அகலத்தில் 1500-வது பிக்சலில். சுவரை மட்டும் செலக்ட் செய்து, இடது விளிம்பில் `#AAAAAA` தொடங்கி 1500-இல் வெள்ளை முடியும்படி கிடைமட்டமாக ஒரு கிரேடியன்ட் இழுங்கள்.

இப்போது மேப்பைப் பெரிதாக்கி சுவரும் தரையும் சேரும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடே தெரியக்கூடாது. சுவரின் சாம்பலும் தரையின் சாம்பலும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட வேண்டும். பாதி வழியில், 750-வது பிக்சலில், சுவரடி 2500-வது வரிசையில் இருக்கும். தரையின் கணக்கும் 213 சொல்லும், சுவரின் கிரேடியன்ட்டும் 213 சொல்லும். கோடு தெரிந்தால் அடிவானமோ மறையும் புள்ளியோ தவறு. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை, மேப்பின் மற்ற பகுதிகளும் சரியா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆளை மேப்பில் வரையவே வேண்டாம். காரணம் அடுத்தது.

ஒளிவட்டம் எங்கிருந்து வருகிறது

ஃபில்டர் ஒரு பின்னணிப் பிக்சலை மங்கலாக்கும்போது, சுற்றியுள்ள பிக்சல்களின் நிறத்தை எடுத்துச் சராசரி போடுகிறது. ஆள் அணிந்திருக்கும் சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில் உள்ள இலை, 24 பிக்சல் ஆரத்தில் நிறம் தேடும்போது சட்டையையும் அள்ளிக்கொள்கிறது. ஆள் ஷார்ப்பாகவே இருப்பார், ஆனால் அவரைச் சுற்றி அவர் சட்டையின் நிறத்திலேயே ஒரு கசிவு. மேப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது போகாது. மாஸ்க் ஓரத்தை ஃபெதர் செய்து மறைக்கப் பார்த்தால் இன்னும் மோசம்: ஓரம் முழுவதும் பாதி ப்ளர் ஆன ஒரு வளையம் உருவாகும்.

இதற்கு ஒரே வழி, ப்ளர் போடுவதற்கு முன் ஆளைப் பின்னணியிலிருந்து எடுத்துவிடுவது. படத்தை இரண்டாக டூப்ளிகேட் செய்யுங்கள். மேல் லேயரில் ஆளைச் சுத்தமாக மாஸ்க் செய்து வையுங்கள். கீழ் லேயரில் ஆளின் செலக்‌ஷனை `Select > Modify > Expand` மூலம் 10 பிக்சல் விரித்து, `Edit > Content-Aware Fill` போட்டு, Output To-வை `Current Layer` ஆக்கி நிரப்புங்கள். நிரப்பியது அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆளின் ஓரத்திலிருந்து உள்ளே ப்ளர் ஆரத்தின் அளவுக்கு, அதாவது 24, 30 பிக்சலுக்கு, நிறம் பொருந்தினால் போதும். அதற்கு உள்ளே என்ன அலங்கோலம் இருந்தாலும் ஆளே அதை மறைத்துவிடுவார். இன்னொரு கை முளைத்தது மாதிரி ஆளின் துண்டுகளையே திரும்பக் கொண்டுவந்து நிரப்பினால் மட்டும், நிரப்பும் மாதிரிப் பகுதியிலிருந்து ஆளைச் சுற்றியுள்ள இடத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பாதத்தில் மட்டும் நிரப்பாமல் விடுங்கள். அங்கே ப்ளர் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆகவே கசிவும் இல்லை. செருப்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய நிழலை Content-Aware Fill அழித்துவிட்டால் ஆள் தரையில் நிற்காமல் மிதப்பார். கணுக்காலுக்கு மேலிருந்து நிரப்பினால் போதும். மேல் லேயரின் மாஸ்க்கிலும் செருப்பைச் சுற்றி 10 பிக்சல் தரையைச் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

முடிக்கு `Select and Mask`-இல் Refine Edge பிரஷ் ஓட்டி, Decontaminate Colors டிக் செய்யுங்கள். முடி இழைகளுக்கு நடுவே பழைய ஷார்ப் பின்னணியின் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும். மங்கிய பின்னணி மேல் அது பளிச்சென்று தெரியும். அந்த டிக் அதன் நிறத்தை முடியின் நிறத்துக்கு இழுத்துவிடும்.

ஆளின் உடல் ஆழத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் 10 செ.மீ. இடைவெளி, 3 மீட்டரில் அது இரண்டு பிக்சல் வட்டுகூட இல்லை. ஆனால் கையை கேமராவை நோக்கி 60 செ.மீ. நீட்டியிருந்தால் விரல் நுனியில் 12 பிக்சல் வட்டு வர வேண்டும். அப்படிப்பட்ட படத்தில் அந்தக் கையைத் தனி லேயராக எடுத்துத்தான் மங்கலாக்க முடியும்.

ப்ளர் எவ்வளவு?

இதை ஊகமாகப் பிடிக்க வேண்டாம், ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. கண்ணுக்கெட்டாத் தொலைவில் உள்ள விளக்கு எவ்வளவு பெரிய வட்டாக விரியும் என்றால், லென்ஸின் துளையை ஆள் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. 85 மி.மீ. f/1.8 லென்ஸின் துளை 85 ÷ 1.8, அதாவது 47 மி.மீ. விட்டம். நம் படத்தில் 1.65 மீட்டர் ஆள் 1650 பிக்சல் உயரத்தில் இருக்கிறார். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல். ஆகவே முழு ப்ளரின் வட்டு 47 பிக்சல் விட்டம், `Radius` 24. உங்கள் படத்தில் ஆள் 1100 பிக்சல் உயரம்தான் என்றால் அதே விகிதத்தில் 16 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

135 மி.மீ. f/1.8 மாதிரி வேண்டுமென்றால் துளை 75 மி.மீ., ஆரம் 37. அதற்கு மேல் போகாதீர்கள். ஸ்லைடர் 100 வரை போகும். ஆனால் ஆரம் 100 என்றால் 20 செ.மீ. துளை உள்ள லென்ஸ் என்று பொருள். முழு உருவப் படத்தில் அப்படியொரு மங்கல் வருவதைக் கண் எங்கும் பார்த்ததில்லை, பார்த்த உடனே பொம்மை என்று எடுத்துக்கொள்ளும். ஃபிட் டு ஸ்கிரீனில் பார்க்கும்போது 24 குறைவாகத் தெரிகிறதே என்று ஏற்றிவிடுவதுதான் வழக்கமான தவறு.

இப்போது கீழ் லேயரைத் தேர்ந்தெடுத்து `Lens Blur` திறங்கள். Depth Map-இல் Source-ஐ `depth` ஆக்குங்கள், `Blur Focal Distance` 128, `Invert` டிக் இல்லை, `Radius` 24. Iris வடிவம் எதுவாக இருந்தாலும் `Blade Curvature`-ஐ ஏற்றினால் வட்டமாகும். Preview-ஐ `More Accurate` ஆக்கிப் பார்த்துவிட்டு OK கொடுங்கள்.

`Specular Highlights` பகுதியில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃபோன் படத்தில் விளக்கும் இலைகளுக்கு நடுவே வரும் வெயிலும் 255-இல் முட்டி நின்றுவிடும். உண்மையில் அவை அதைவிடப் பல மடங்கு பிரகாசம். சாதாரணமாகச் சராசரி போட்டால் ஒளி வட்டுகள் சாம்பலாகச் சோர்ந்துவிடும். `Threshold`-ஐ 250 அளவில் வைத்து `Brightness`-ஐ 10-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். இலை இடுக்கு வெளிச்சங்கள் மட்டும் வட்டுகளாகத் தெளிந்து எழ வேண்டும். Threshold 220-க்கு இறங்கினால் வெள்ளைச் சுவரும் வானமும் சேர்ந்து எரியத் தொடங்கும்.

முடிந்ததும் எதைப் பார்க்க வேண்டும்

தரையைப் பாருங்கள். பாதம் பதிந்த வரிசையில் இடமிருந்து வலம் வரை, படத்தின் முழு அகலத்துக்கும், ஒரு ஷார்ப்பான பட்டை ஓட வேண்டும். இந்தப் படத்துக்கு 2 பிக்சலுக்குக் குறைவான வட்டுள்ள பகுதி பாதத்துக்கு மேலும் கீழும் சுமார் 64 பிக்சல், மொத்தம் 130 பிக்சல் அகலப் பட்டை. அதற்கு மேலே தரை மெல்லக் கரைந்து போக வேண்டும், கீழே முன்பக்கத் தரையும் கரைய வேண்டும். ஷார்ப்பான தரை ஆளைச் சுற்றி ஒரு திட்டாக மட்டும் இருந்தால் மேப்பில் ஆளின் செலக்‌ஷன் கலந்துவிட்டது என்று அர்த்தம். பலரும் முன்பக்கத் தரையை மறந்துவிடுகிறார்கள். அது ஷார்ப்பாகவே இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படம் பொய் என்று பட்டுவிடும். அதே வரிசையில் தள்ளி நிற்கும் பூந்தொட்டியோ கம்பமோ இருந்தால் அதுவும் ஆளைப் போலவே ஷார்ப்பாக இருக்க வேண்டும்.

கேமராவுக்கு மிக அருகில், ஆளுக்கு முன்னால் ஏதாவது இலையோ கம்பியோ குறுக்கே வந்தால் மேப்பை நம்பாதீர்கள். மங்கிய முன்பொருளின் ஓரம் ஆளின் மேலே படர்ந்து விரிய வேண்டும்; ஒரே லேயரில் ஃபில்டர் அதை ஓரத்தோடு கத்தரித்துவிடும். அந்த இலையை வெட்டித் தனி லேயராக எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் ஓரமும் சேர்ந்து மங்கும்படி, மேப் இல்லாமல் ஒரே ஆரத்தில் ப்ளர் கொடுங்கள். 1.5 மீட்டரில் உள்ள இலைக்கு மங்கல் |1 − 3/1.5|, அதாவது முழு அளவு: ஆரம் 24.

இரட்டை கேமரா ஃபோனில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படத்தின் உள்ளேயே ஒரு டெப்த் மேப் இருக்கும், அதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்றால், தொலைவில் உள்ள மரங்களின் வரிசையை அறிய அது உதவும். ஆனால் அது படத்தைவிடப் பல மடங்கு சிறிய அளவில் இருப்பதால் ஓரங்கள் குழைந்திருக்கும். தரைக்கும் சுவருக்கும் நீங்கள் இழுத்த கிரேடியன்ட்டே அதைவிடச் சுத்தமானது. அதன் ஓரங்களை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கடைசியாக நாய்ஸ். ப்ளர் செய்த பகுதியில் ஃபோன் சென்சாரின் மணல்பொடி மாதிரியான துகள் முழுவதும் துடைத்துப் போயிருக்கும், ஆளின் சட்டையில் மட்டும் அது இருக்கும். வானத்தில் பட்டை பட்டையாக நிறம் படிவதும் இதனால்தான். `Lens Blur`-இன் அடியில் உள்ள Noise பகுதியில் `Amount` 1 முதல் 3 வரை, `Gaussian`, `Monochromatic` டிக். 100 சதவீதத்தில் பெரிதாக்கி, சட்டையின் நிழல் பகுதியையும் அதற்குப் பக்கத்தில் உள்ள மங்கிய சுவரையும் சேர்த்துப் பாருங்கள்; இரண்டிலும் துகள் ஒரே அளவில் தெரியும் எண்ணில் நிறுத்துங்கள்.